ட்ரான்ஸ்கிரிப்ட் வராதபோது பதிவாளருக்கு எழுதும் கடிதம்

பட்டப்படிப்பு முடிந்து பல மாதமாகியும் சான்றிதழ் கைக்கு வரவில்லை என்ற பேச்சு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளில் கேட்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் போக முடியாதவர் ஒருவர். வேலைக்குத் தெரிவாகியும் கடைசிப் பத்திரம் இல்லாமல் நிற்பவர் இன்னொருவர். இவர்கள் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு முறைப்பாட்டுக் கடிதமும் எழுதுகிறார்கள். அந்தக் கடிதங்களில் அனேகமானவை பதில் கிடைக்காமலே போகின்றன. அலுவலகத்தின் அசட்டை அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் கடிதத்தைக் கையில் எடுக்கும் உத்தியோகத்தர் அடுத்து எந்தக் கோவையைத் திறப்பது, என்ன செய்வது என்பதைக் கடிதமே சொல்லாமல் விட்டிருப்பதும் பெரிய காரணம். அதை எழுதுகிறவரால் திருத்த முடியும்.

முதலில் தெளிவாக வேண்டியது எந்தப் பத்திரம் தாமதமாகிறது என்பது. பொதுப் பேச்சில் எல்லாமே சான்றிதழ்தான். அலுவலகத்தில் அவை மூன்று வெவ்வேறு பத்திரங்கள். பட்டமளிப்பு விழாவில் கையில் கொடுக்கப்படும் பட்டச் சான்றிதழ் ஒன்று. பாடவாரியாகப் பெறுபேறுகளைக் காட்டும் ட்ரான்ஸ்கிரிப்ட் இன்னொன்று. இன்ன மாணவர் இன்ன பட்டத்துக்கான தேவைகளைப் பூர்த்தி செய்துவிட்டார் என்று பதிவாளர் அல்லது அவருக்காகப் பரீட்சைக் கிளை ஒப்பமிட்டுத் தரும் உறுதிப்படுத்தல் கடிதம் மூன்றாவது. பட்டச் சான்றிதழ் பொதுவாக விழாவோடு கட்டுண்டது. விழாவுக்கு முன்னர் அதைக் கேட்டு எழுதினால், தர முடியாது என்ற சரியான பதிலே வரும். அத்தோடு முறைப்பாடும் முடிந்துவிடும். ட்ரான்ஸ்கிரிப்டுக்கும் உறுதிப்படுத்தல் கடிதத்துக்கும் விழா வரை காத்திருக்கத் தேவையில்லை. பெறுபேறுகளை மூதவை அங்கீகரித்திருந்தால் போதும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் வேலை தருவோரும் முதற்கட்டத்தில் கேட்பதும் பெரும்பாலும் இந்த இரண்டையே. ஆகவே கடிதத்தின் தலைப்பிலேயே பத்திரத்தின் சரியான பெயர் இருக்க வேண்டும்.

அடுத்தது, அந்தப் பத்திரம் எங்கே தேங்கியிருக்கிறது என்பது. கடைசிப் பரீட்சை முடிந்த நாளிலிருந்து ட்ரான்ஸ்கிரிப்டில் ஒப்பம் விழும் நாள் வரை ஒரு நீண்ட வரிசை உண்டு. விடைத்தாள்களை முதற் பரீட்சகர் திருத்துவார், இரண்டாமவர் மீளப் பார்ப்பார். புள்ளிகள் துறையிலிருந்து பீடத்துக்கும், அங்கிருந்து பரீட்சைக் கிளைக்கும் போகும். பரீட்சைச் சபை கூடிப் பெறுபேறுகளைத் தீர்மானிக்கும். தற்காலிகப் பெறுபேறுகள் வெளியாகும். அதன்பின் மூதவை அங்கீகரிக்கும். பிறகுதான் மாணவரின் விண்ணப்பம், கட்டணப் பற்றுச்சீட்டு, நூலகத்திலும் விடுதியிலும் நிலுவை இல்லை என்ற ஒப்பங்கள் எல்லாம் ஒரே கோவையில் சேர்ந்து, பத்திரம் தயாராகி, சரிபார்க்கப்பட்டு, கையெழுத்துக்குப் போகும்.

எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கவுன்டரில் கேட்கும் பதிலிலிருந்தே ஓரளவு ஊகிக்கலாம். “இன்னும் செனற்றுக்குப் போகேல்ல” என்றால் பெறுபேறு உறுதியாகவில்லை. அந்த நிலையில் பதிவாளருக்கு எழுதுவதைவிடப் பீடாதிபதிக்கு எழுதுவதே பயன். “ஃபக்கல்ட்டியில கேளுங்கோ” என்றால் ஏதோ ஒரு பாடத்தின் புள்ளி வந்து சேரவில்லை. மீள எழுதிய பாடமோ வேறு பீடத்தில் எடுத்த பாடமோ ஆக இருக்கக்கூடும். “சைனுக்குப் போயிருக்கு” என்றால் பத்திரம் தயார், அது நாட்கணக்கில் முடிய வேண்டிய வேலை. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி, பதிவேட்டை நெடுநேரம் புரட்டினால் விண்ணப்பம் பதியப்படாமலே இருக்கலாம். “அடுத்த கிழமை வாங்கோ” என்பதிலிருந்து மட்டும் எதையும் அறிய முடியாது. அப்படிச் சொன்னால், கோவை இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்று மரியாதையாக ஒரு முறை கேட்டு, கிடைக்கும் பதிலையும் திகதியையும் உடனே குறித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் மாணவர்களை அதிகம் பாதிக்கும் ஒரு தேக்கம் உண்டு. அது பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவர் தர்மலிங்கம் என்ற தகப்பன் பெயரை ‘டி’யில் தொடங்குவார். அடையாள அட்டையில் அது ‘ரீ, எச்’ என்று தொடங்கும். உயர்தரப் பெறுபேற்றிலும் பல்கலைக்கழகப் பதிவிலும் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். பத்திரத்தைத் தயாரிக்கும் எழுதுவினைஞர் வேறுபாட்டைக் கண்டதும் கோவையைத் தனியாக எடுத்து வைப்பது சரிதான். பட்டத்தில் பிழையான பெயர் விழுந்தால் பின்னால் வரும் சிக்கல் பெரிது. ஆனால் எடுத்து வைத்த செய்தியை மாணவருக்கு எழுத்தில் அறிவிக்கும் வேலையை யாரும் செய்வதில்லை. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் முடிக்கும் சத்தியக் கடதாசி போதுமான விஷயத்துக்குக் கோவை மாதக்கணக்கில் கிடக்கிறது. பிள்ளை கேட்டுப் போகும்போதெல்லாம் ‘இன்னும் ஆகவில்லை’ என்ற பதில்தான் கிடைக்கிறது. எனக்கு இதில்தான் அதிக மனவருத்தம்.

இனித் திகதிகளுக்கு வருவோம். வீட்டார் உதவியோடு எழுதப்படும் கடிதங்களில் “பல தடவை அலைந்தும்”, “நீண்ட காலமாகியும்”, “விரைவில் ஆவன செய்யுமாறு” என்ற சொற்கள் நிறைந்திருக்கும். எழுதியவரின் வேதனை உண்மை. ஆனாலும் இவற்றில் எதையும் பதிவேட்டோடு ஒப்பிட முடியாது. எத்தனை நாள் தாமதம், அதில் எவ்வளவு அலுவலகத்தின் பொறுப்பு என்பதைக் கணக்கிட்டுக் காட்டினால்தான் மறுப்பது கடினமாகும்.

2024ஆம் ஆண்டை வைத்து ஒரு கணக்கைப் பார்ப்போம். அந்த ஆண்டு மே 2ஆம் திகதி அரச பல்கலைக்கழகங்களின் கல்விசாரா ஊழியர்கள் சம்பளக் கோரிக்கையை முன்வைத்து நாடு முழுவதும் தொடர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் அது நீடித்து, ஜூலையில் முடிந்தது. பரீட்சைக் கிளைகளை இயக்குபவர்கள் அவர்களே ஆகையால் ட்ரான்ஸ்கிரிப்ட் வேலை நின்றுபோனது. அதன் பின்னர் வந்த ஒவ்வொரு தாமதத்துக்கும் ‘ஸ்ட்ரைக்’ என்ற ஒரே காரணம் சொல்லப்படுவது எளிதாகிவிட்டது.

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். பெறுபேறுகள் மூதவையில் அங்கீகரிக்கப்பட்ட பின், 2024 ஏப்ரல் 22, திங்கட்கிழமை, கட்டணம் செலுத்தி ட்ரான்ஸ்கிரிப்டுக்கு விண்ணப்பிக்கிறார். 14 வேலைநாட்களில் தருவோம் என்று விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கிறது. ஏப்ரல் 23 பௌர்ணமி விடுமுறை. 24, 25, 26, 29, 30 என்று ஐந்து வேலைநாள் போகிறது. மே தினம் விடுமுறை, மறுநாள் வேலைநிறுத்தம். வேலைநிறுத்தக் காலத்தைத் தாமதக் கணக்கில் சேர்ப்பது நேர்மையல்ல, பயனும் இல்லை. சேர்த்தால் முழுக் கடிதத்துக்கும் ‘ஸ்ட்ரைக்’ என்ற ஒரு சொல் பதிலாகிவிடும். அவர் ஜூலையை முழுவதும் விட்டுவிட்டு ஓகஸ்ட் 1இலிருந்து எண்ணுகிறார். மீதி ஒன்பது வேலைநாள் ஓகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமையோடு முடிகிறது. அதன் பின்னர்தான் தாமதம். செப்டெம்பர் 2இல் கடிதம் எழுதும்போது, ஏப்ரலிலிருந்து நான்கு மாதத்துக்கு மேல் என்று எழுதுவதைவிட, வேலைநிறுத்தத்தைக் கழித்த பின்னும் கிட்டத்தட்ட மூன்று கிழமை என்று எழுதுவது வலுவானது. அந்த மூன்று கிழமைக்கு அலுவலகம் வேறு காரணம் தேட வேண்டும்.

அவர் ஓகஸ்ட் 5 கவுன்டருக்குப் போனபோது பொறுக்கச் சொன்னார்கள். 20ஆம் திகதி போனபோது பெயரில் ஏதோ வேறுபாடு என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ட்ரான்ஸ்கிரிப்டை செப்டெம்பர் 30க்குள் கேட்டிருக்கிறது. இந்த விபரங்களை வைத்துக் கடிதத்தை எழுதினால் இப்படி வரும்:

“2024 செப்டெம்பர் 2. பதிவாளர் அவர்களுக்கு. ஐயா அல்லது அம்மணி, விடயம்: ட்ரான்ஸ்கிரிப்ட் வழங்கப்படாமை, கலைப்பீடம், பதிவிலக்கம், விண்ணப்பப் பற்றுச்சீட்டு இலக்கம்.

மேற்படி பற்றுச்சீட்டின்படி 2024.04.22 அன்று ட்ரான்ஸ்கிரிப்டுக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் குறித்த கால எல்லை 14 வேலைநாட்கள். வேலைநிறுத்தக் காலத்தையும் ஜூலை மாதம் முழுவதையும் விலக்கி, ஓகஸ்ட் 1இலிருந்து எண்ணினாலும் அது 2024.08.13 அன்று முடிந்துவிட்டது.

2024.08.20 அன்று பரீட்சைக் கிளைக் கவுன்டரில் எனது பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் வேறுபாடு இருப்பதாக வாய்மொழியாகக் கூறப்பட்டது. எழுத்தில் எதுவும் அறிவிக்கப்படவில்லை. இரு பெயர்களும் என்னையே குறிக்கின்றன என்பதற்கான சத்தியக் கடதாசியையும், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதிகளையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

எனது ட்ரான்ஸ்கிரிப்டை 2024.09.13 அன்றோ அதற்கு முன்னரோ வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வேறு ஆவணம் ஏதும் தேவையாயின் அது எது என்பதை 2024.09.06க்குள் கீழுள்ள மின்னஞ்சலுக்கு எழுத்தில் அறிவிக்கவும். 13ஆம் திகதிக்குள் ட்ரான்ஸ்கிரிப்டை வழங்க முடியாதெனில், பட்டத் தேவைகளைப் பூர்த்தி செய்தமையை உறுதிப்படுத்தும் கடிதத்தை அன்றே வழங்கவும். உயர்கல்விக்கான எனது அனுமதிக்கு இப்பத்திரத்தை 2024.09.30க்குள் சமர்ப்பிக்க வேண்டும். அனுமதிக் கடிதத்தின் பிரதி இணைப்பில்.”

ஒரு பக்கத்துக்குள் அடங்கும் கடிதம். கோபம் இதில் இல்லை, கெஞ்சலும் இல்லை. யார்மீதும் குற்றஞ்சாட்டவில்லை. கவுன்டரில் பேசியவரின் பெயரைக்கூட விட்டிருக்கிறோம். அந்த எழுதுவினைஞரே நாளைக்குக் கோவையைத் திறக்க வேண்டியவர். கோரிக்கைகளின் ஒழுங்கு முக்கியம். முதலில் வேண்டியது, பிறகு அதற்குத் தடையிருந்தால் அதை எழுத்தில் அறியும் வழி, பிறகு தர முடியாத நிலையில் அதற்குப் பதிலான பத்திரம். எந்தப் பதில் வந்தாலும் மாணவியின் நிலை ஒரு படி முன்னேறும். எல்லைத் திகதிக்கு முன் இரண்டு கிழமை மிச்சம் வைத்ததும் தற்செயல் அல்ல. பத்திரம் கிடைத்த பின் வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சி எடுக்க வேண்டிவந்தால் அதற்கும் நாள் வேண்டும்.

கடிதத்தைப் பதிவாளருக்கு எழுதுவதற்குச் சட்டக் காரணம் உண்டு. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி பல்கலைக்கழகத்தின் பதிவேடுகளுக்குப் பொறுப்பாளர் பதிவாளர். மூதவையின் செயலாளரும் அவரே. பெறுபேறு எப்போது அங்கீகரிக்கப்பட்டது, கோவை எங்கே இருக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரே அலுவலர் அவர்தான். பரீட்சைக் கிளையின் சிரேஷ்ட உதவிப் பதிவாளருக்கும் பீடாதிபதிக்கும் பிரதி போகலாம். உபவேந்தரை முதற் கடிதத்தில் இழுக்காமல் இருப்பது நல்லது. பதிவாளர் பதில் தராதபோது எழுதுவதற்கு அவர் மிஞ்சியிருக்க வேண்டும்.

தமிழில் எழுதலாமா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரையின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக இருக்கும் இடத்திலும் அரச நிறுவன உத்தியோகத்தர் ஒருவருக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை இருக்கிறது. அந்த உரிமையைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பட்டப் பத்திரங்களின் வேலை ஆங்கிலத்தில் நடக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரியாத மேசையில் கடிதம் விழுந்தால் மொழிபெயர்ப்புக்காகவே பல நாள் போகலாம். நாள் நெருக்கடி இருக்கும்போது தமிழ்க் கடிதத்தின் பின்னால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்துக் கொடுப்பதே என் பரிந்துரை. உரிமையும் நிற்கும், வேலையும் நடக்கும்.

கொடுக்கும் முறையில் ஒரு கவனம் தேவை. நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் அலுவலகத்தின் திகதி முத்திரையை வாங்க வேண்டும். முத்திரையிட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். தபாலகத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டால் அதே பலன். மின்னஞ்சல் மட்டும் போதாது. அது சேர்ந்ததா என்ற கேள்வி பின்னால் எழும்.

இந்தக் கவனத்துக்கு நீதிமன்றம் வரை நீளும் காரணம் இருக்கிறது. அரச அதிகாரி ஒருவர் தமது சட்டக் கடமையைச் செய்யும்படி பணிக்கும் எழுத்தாணையை மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் கேட்கலாம். ஆனால் அந்தக் கடமையைச் செய்யுமாறு முன்கூட்டியே தெளிவாகக் கேட்டதும், அது மறுக்கப்பட்டதும் அல்லது செய்யாமல் விடப்பட்டதும் காட்டப்பட வேண்டும் என்பது நெடுநாளைய விதி. ‘ஆவன செய்யவும்’ என்று முடியும் கடிதத்தில் இன்ன கடமையைச் செய் என்ற கோரிக்கை இல்லை. மேலுள்ள கடிதத்தில் உண்டு. ட்ரான்ஸ்கிரிப்டுக்காக வழக்குப் போடுவோர் மிகச் சிலர். அப்படி ஒரு நிலை வந்தால், புதுக்கடையில் சட்டத்தரணி முதலில் கேட்பது முத்திரை விழுந்த அந்தப் பிரதியைத்தான். அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால் கால எல்லை ஒரு மாதமே. ஆகவே சட்ட ஆலோசனையைத் தள்ளிப்போடக்கூடாது.

வழக்கைவிட எளிதான, அதிகச் செலவில்லாத வழி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. பல்கலைக்கழகங்களும் அதற்குள் வரும். செப்டெம்பர் 13 கடந்தும் பதில் இல்லையென்றால், நம் மாணவி பல்கலைக்கழகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு கோரிக்கை எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எனது பெறுபேற்றை மூதவை அங்கீகரித்த திகதி எது, 22.04.2024 விண்ணப்பம் இன்று எந்த உத்தியோகத்தரிடம் எந்தத் திகதியிலிருந்து இருக்கிறது, கோவையில் எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதி வேண்டும் என்ற மூன்று கேள்வி போதும். பரீட்சகர் யார், இரண்டாமவர் எத்தனை புள்ளி போட்டார் என்று கேட்கப் போனால் பரீட்சையின் நேர்மையைப் பாதிக்கும் தகவல் என்ற விதிவிலக்கைக் காட்டி மறுப்பார்கள். சொந்தக் கோவையின் நடமாட்டத்துக்கு அந்த விதிவிலக்குப் பொருந்தாது.

தகவல் உத்தியோகத்தர் 14 வேலைநாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். தருவதென்று தீர்மானித்தால் அதிலிருந்து 14 நாட்களுக்குள் தர வேண்டும். மறுத்தால் அல்லது மௌனமாக இருந்தால் 14 நாட்களுக்குள், அதே நிறுவனத்தில் மேன்முறையீடுகளுக்கென்று குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் முறையிடலாம். அவர் மூன்று கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதன் பின் இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. கூட்டிப் பார்த்தால் இது செப்டெம்பர் 30க்குள் முடியாது, அதை மறைக்கக்கூடாது. இந்தச் சட்டம் ட்ரான்ஸ்கிரிப்டைத் தரும்படி யாரையும் பணிக்கவும் மாட்டாது, தகவலைத்தான் தரும். ஆயினும், கோவை யாரிடம் எத்தனை நாள் கிடந்தது என்று எழுத்தில் பதிலளிக்க வேண்டிய உத்தியோகத்தர் முதலில் அந்தக் கோவையைத் தேடி எடுக்க வேண்டும். தேக்கம் பெரும்பாலும் அங்கேயே கலையும். அதற்கிடையில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பதிவாளருக்கான கடிதத்தின் முத்திரைப் பிரதியை அனுப்பி, எல்லைத் திகதியை நீடிக்கக் கேட்க வேண்டும். தாமதம் மாணவியின் பிழையல்ல என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

பத்திரம் கைக்கு வரும் நாளில் பதிவேட்டில் ஒப்பமிடுவதற்கு முன் கவுன்டரில் நின்றபடியே நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்: பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி இருக்கிறதா, பதிவிலக்கம் சரியா, வகுப்பு சரியா, பட்டம் நடைமுறைக்கு வரும் திகதி குறிக்கப்பட்டிருக்கிறதா. பிழை இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்து, திருத்தத்துக்கென்று ஒரு வரி எழுதித் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளலாம். ஒப்பமிட்டு எடுத்துக்கொண்டு வீட்டில் வைத்துப் பார்த்தால், திருத்தத்துக்குப் புதிய விண்ணப்பமும் புதிய கட்டணமும் கேட்கக்கூடும்.